த்ரெட்டிங்கில் போன புருவம் திரும்ப வருமா?

வாசகியின் கடிதம்:

"டாக்டர், எனக்கு வயது 36. தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. 17 வயதில், காலேஜ் முதல் வருடத்தில் ஐப்ரோ எடுக்க ஆரம்பித்தேன். அன்று முதல் 15 நாளுக்கு ஒருமுறை த்ரெட்டிங். நடுவில் ஒன்றிரண்டு முடி தெரிந்தால் வீட்டிலேயே பிளக்கரால் பிடுங்கிவிடுவேன். இப்போது புருவம் கோடு மாதிரி ஆகிவிட்டது. வால் பகுதி இரண்டு பக்கமும் இல்லை, இடது பக்கம் சுத்தமாகவே காணோம். தினமும் கண் மை பென்சிலால் வரைந்துகொண்டுதான் பள்ளிக்குப் போகிறேன். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. மாமியார் விளக்கெண்ணெய் தடவு என்கிறார். தோழி, ஒரு தடவை ஷேவ் பண்ணிவிட்டால் அடர்த்தியாக வரும் என்கிறாள். பார்லர் அக்கா மைக்ரோபிளேடிங் செய்துவிடலாம், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார். இரண்டு மாதமாக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். மெடிக்கலில் மினாக்சிடில் 5 சதவீதம் வாங்கி வைத்திருக்கிறேன், பயத்தில் இன்னும் தொடவில்லை. தலைமுடியும் கொட்டுகிறது, உடம்பும் எப்போதும் அசதியாக இருக்கிறது. அது வேலைப்பளு என்று விட்டுவிட்டேன். என் புருவம் திரும்ப வருமா? கல்யாணத்துக்குள் வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மினாக்சிடில் பாட்டிலைத் திறக்காமல் வைத்திருந்தீர்களே, நல்ல காரியம். அதை அப்படியே அலமாரியில் வையுங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. முடி போன இடத்தில் மயிர்க்கால் உயிரோடு இருக்கிறதா என்பது ஒன்று. போனது முழுக்க த்ரெட்டிங்கால்தானா என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு வருகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு ஓரளவு பதிலை நீங்களே வீட்டில் தெரிந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவி, பென்சில் சுவடே இல்லாமல் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் உட்காருங்கள். யாரையாவது போன் கேமராவில் பெரிதாக்கி, இடது புருவத்தின் வால் இருக்க வேண்டிய இடத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நெற்றிப் பொட்டுப் பக்கமாகத் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். குழந்தையின் கையில் இருப்பது போன்ற மெல்லிய, நிறம் குறைந்த பூனைமுடி தெரிந்தால் அங்கே மயிர்க்கால் வேலை செய்கிறது என்று அர்த்தம். முடி இல்லாமல் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துளைகள் மட்டும் தெரிந்தாலும் நம்பிக்கை உண்டு. துளையே இல்லாமல், பழைய தீக்காயத் தழும்பு போல வழவழவென்று மினுங்கினால் அந்த இடத்தில் மயிர்க்கால் தழும்பாகி இருக்கலாம். இதை உறுதியாகச் சொல்ல டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி எங்களிடம் உண்டு. வலி கிடையாது, ஊசி கிடையாது, ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான தோல் மருத்துவர்களிடம் இருக்கும்.

19 வருட த்ரெட்டிங்குக்குப் பிறகு ஒரு புருவத்திலேயே இந்த மூன்றும் கலந்து இருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நடுப்பகுதியில் நல்ல முடி, வளைவுக்குக் கீழே பூனைமுடி, வால் நுனியில் கொஞ்சம் வழவழப்பு. அப்படியென்றால் பெரும்பகுதி திரும்பும், நுனி மட்டும் திரும்பாமல் போகலாம். "வருமா, வராதா" என்ற கேள்விக்குப் புருவம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பதில் இருப்பதில்லை.

நூல் என்ன செய்தது?

தலைமுடி ஆண்டுக்கணக்கில் வளரும். புருவ முடி அப்படி இல்லை. ஒன்றிரண்டு மாதம் வளரும், பிறகு நின்றுவிடும், மாதக்கணக்கில் ஓய்வில் இருக்கும், பின்னர் உதிர்ந்து அதே குழியில் புதிய முடி கிளம்பும். அதனால்தான் புருவம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக நின்றுகொள்கிறது, இடுப்பு வரைக்கும் வளர்வதில்லை. எந்த நேரத்தில் பார்த்தாலும் வளர்ந்துகொண்டிருக்கும் முடியைவிட ஓய்வில் இருப்பதுதான் அதிகம்.

நூல் பிடிப்பது தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும்தான். 15 நாளில் மறுபடி முளைத்ததே என்று நீங்கள் நினைப்பது, பிடுங்கிய அதே முடி அல்ல. அன்றைக்குத் தோலுக்கு அடியில் இருந்த வேறொன்று. பிடுங்கப்பட்டது மறுபடி தலைகாட்டப் பல வாரங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகும். வெளியே வந்த உடனே அடுத்த த்ரெட்டிங்கில் அதுவும் போகும். இப்படியாக உங்கள் மயிர்க்கால்களில் பல, 19 வருடமாக ஒரு முடியைக்கூட முழுதாக வளர்த்து முடித்ததில்லை.

வளர்ந்துகொண்டிருக்கும் முடியைப் பிடுங்கும்போதுதான் அதிகம் வலிக்கும், கண்ணில் தண்ணீர் வரும். வேரைச் சுற்றியுள்ள உறையும் சேர்ந்து கிழிந்து வருவதே காரணம். ஒரு தடவை கிழிந்தால் தானாக ஆறிவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிழிந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீங்கி, கொஞ்சம் தழும்பாகி, மயிர்க்கால் சிறுத்துக்கொண்டே போகும். முதலில் முடி மெலியும், பிறகு பூனைமுடியாகும், கடைசியில் வாய் மூடிக்கொள்ளும். எத்தனை வருடத்தில் என்று கணக்கு கிடையாது. பத்து வருடத்தில் வாலை இழந்தவர்களும் உண்டு, முப்பது வருடம் எடுத்தும் நிறுத்தியவுடன் அடர்த்தியாக வந்தவர்களும் உண்டு.

ஷேவ் செய்யச் சொல்லும் தோழியிடம் அன்போடு மறுத்துவிடுங்கள். பிளேடு தோலின் மட்டத்தில் முடியை வெட்டுகிறது, அடியில் இருக்கும் மயிர்க்காலுக்கு அது தெரியவே தெரியாது. இயல்பாக வளர்ந்த முடிக்கு நுனி கூராக இருக்கும். வெட்டியதற்கு நுனி தட்டையாக இருப்பதால் முள்ளு முள்ளாகத் தடித்துத் தெரிகிறது, அவ்வளவுதான். இருக்கிற கொஞ்சத்தையும் எடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு நிற்க வேண்டியிருக்கும்.

வால் மட்டும் போவது ஏன் என்னை யோசிக்க வைக்கிறது

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். த்ரெட்டிங்கில் வழக்கமாகத் தேய்வது புருவத்தின் கீழ் ஓரம், அடுத்தது மேல் ஓரம், இரண்டு புருவத்துக்கும் நடுப்பகுதி. நூல் அதிகம் படும் இடங்கள் அவை. வாலை யாரும் முழுதாக எடுப்பதில்லை, நீளமாக விடத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கோ இரண்டு பக்கமும் வால் போயிருக்கிறது, தலைமுடி கொட்டுகிறது, அசதி இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நான் முதலில் எழுதிக்கொடுப்பது க்ரீம் அல்ல, தைராய்டு பரிசோதனை. தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு உதிர்வது மருத்துவத்தில் வெகுகாலமாகத் தெரிந்த ஓர் அடையாளம். கூடவே மலச்சிக்கல், எடை ஏறுவது, குளிர் தாங்காமல் போவது, மாதவிடாய் அதிகமாகப் போவது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அசதி என்பதால் ஹீமோகுளோபினும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து தவறவிடாதீர்கள். பயோட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் உடலுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இருக்கும். அது ரத்தத்தில் இருக்கும்போது பல லேப்களில் தைராய்டு பரிசோதனையின் வேதிவினையைக் குழப்பிவிடும். தைராய்டு குறையும்போது ஏற வேண்டிய டி.எஸ்.எச். அளவை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். உங்களுக்குத் தைராய்டு குறைபாடு இருந்தால், ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்து நாம் ஏமாந்துபோவோம். பயோட்டின் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மிக அரிது. அந்த மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண், உங்களைப் போலவே, தவறெல்லாம் த்ரெட்டிங்கின் மேல் என்று நினைத்து ஒரு வருடம் எண்ணெய் தடவியிருந்தார். தைராய்டு மாத்திரை தொடங்கி நாலைந்து மாதத்தில் வால் முளைத்தது. இன்னொருவருக்குப் புருவ வாலோடு கன்னத்தில் வெளிறிய ஒரு தேமல். அதைப் பஞ்சால் தொட்டால் அவருக்குத் தெரியவில்லை. அது தொழுநோயின் ஆரம்பம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்திலேயே குணமானார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. புருவம் போவதற்குப் பல வாசல்கள் உண்டு, அவை எல்லாவற்றுக்கும் எண்ணெய் பதில் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன். உணர்ச்சி குறைந்த தேமல், நாணயம் வைத்தாற்போல வட்டமாக முழுதாக வழுக்கையாவது, கண் இமை முடியும் சேர்ந்து உதிர்வது, புருவத்தில் செதில் செதிலாக உரிந்து அரிப்பது, முன்நெற்றி முடிக்கோடு மெதுவாகப் பின்னுக்குப் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது மாதவிடாய் நின்றவர்களுக்குத்தான் அதிகம் வரும், அதில் தழும்பு விழும் முன்னே மருந்து தொடங்கினால்தான் இருப்பதைக் காப்பாற்ற முடியும்.

நாலு மாதத்தில் என்ன நடக்கும்

ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றிலிருந்து த்ரெட்டிங், பிளக்கர், வாக்ஸ் மூன்றும் நிற்க வேண்டும். அரைகுறையாக நிறுத்துவதில் பயனே இல்லை. "கீழே மட்டும் லேசாக" என்று ஆறாவது வாரத்தில் பார்லரில் உட்கார்ந்தால் ஆறு வாரமும் வீண், ஏனென்றால் அந்தக் கீழ் ஓரத்தில்தான் உங்கள் புருவத்தின் அகலம் இருக்கிறது.

புருவ முடி வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். முதல் மூன்று வாரம் கீழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் பெரிய சோதனை. முடி குட்டையாக இருப்பதால் படியாது, நேராக நிற்கும், ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று முளைத்து அழுக்குப் போலத் தோன்றும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தோற்பது இந்த வாரங்களில்தான். எட்டாவது வாரத்துக்குப் பிறகு முன்பு முளைத்தவை நீண்டு படிய ஆரம்பிக்கும், ஓய்வில் இருந்தவை அடுத்த வரிசையாக வரும், புருவத்துக்கு அகலம் கிடைக்கும். உங்கள் தம்பியின் கல்யாணத்தன்று நடுப்பகுதியும் வளைவும் நன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். வால் அன்றைக்கு வந்திருக்காது, வரைந்துதான் ஆக வேண்டும். எது வரும், எது வராது என்று முடிவு கட்ட ஒரு முழு வருடம் கொடுக்க வேண்டும். நாலு மாதம் என்பது ஒரு சுற்று மட்டும்தான்.

நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரத்தில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்கு வளர்ச்சி தெரியாது. இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

விளக்கெண்ணெயைப் பற்றி மாமியாரோடு சண்டை வேண்டாம். புதிய முடியை முளைக்கவைக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. ஆனால் இருக்கிற முடியைக் கறுப்பாக, தடிப்பாகக் காட்டும், வறட்சியைக் குறைக்கும். படுக்கும் முன் விரல் நுனியில் ஒட்டும் அளவு தடவினால் கெடுதல் இல்லை. கண்ணுக்குள் வழிந்தால் காலையில் மங்கலாக இருக்கும், புருவத்தில் பரு வந்தால் நிறுத்திவிட வேண்டும். தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள், புதிதாக வந்த முடி அதிலேயே உதிரும். வெங்காயச் சாறு, பூண்டு போன்றவை கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தோல் வெந்து கறுத்துப்போய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது அந்த மினாக்சிடில் பாட்டில். தலைக்கென்று வந்த மருந்து அது. புருவத்துக்கு மருத்துவர்கள் பயன்படுத்துவது உண்டு, குறைந்த வலிமையில் பலன் தருவதாகச் சிறிய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. உங்கள் கையில் உள்ள 5 சதவீதம் முதல் தடவைக்கு அதிகம். பெண்களுக்குப் பெரும்பாலும் 2 சதவீதத்தில் தொடங்குவோம். முதல் சில வாரங்களில் பழைய முடி உதிர்வது இந்த மருந்தின் இயல்பு, அது கல்யாணத்துக்கு முன்னால் வந்தால் உங்களுக்குத் தாங்காது. வழிந்த இடத்தில் நெற்றியிலும் கன்னத்திலும் முடி வளரும், பலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். கர்ப்பமாக இருந்தால், அதற்குத் திட்டமிட்டால், பால் கொடுத்தால் தொடவே கூடாது. என் யோசனை இதுதான்: நாலு மாதம் சும்மா விடுங்கள், தைராய்டு முடிவைப் பாருங்கள். அதற்குப் பிறகும் வாலில் பூனைமுடியாகவே நின்றால் மருத்துவர் சொல்லி, இரவில் பட்ஸ் நுனியில் ஒரு சொட்டு என்ற அளவில் தொடங்கலாம். கண் அழுத்தத்துக்கான பைமட்டோப்ரோஸ்ட் சொட்டு மருந்தையும் சிலர் புருவத்துக்குத் தடவுகிறார்கள். முடி வளர்வது உண்மை. கண்ணைச் சுற்றித் தோல் கறுப்பதும் இமை உள்வாங்குவதும் உண்மை. அதை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்காதீர்கள்.

அதுவரைக்கும் முகத்தோடு என்ன செய்வது

முதலில் கண் மை பென்சிலை மாற்றுங்கள். கண் மை எண்ணெய்ப் பசையுள்ளது, கரிக் கறுப்பு. தஞ்சாவூர் வெயிலில் மதியம் மூன்றாவது பீரியடுக்குள் வழிந்துவிடும். மாலையில் அழுத்தித் துடைக்கும்போது புதிய முடியும் போகும். ஐப்ரோ பென்சில் என்றே தனியாகக் கிடைக்கிறது, மெழுகு கூடி உலர்ந்து இருக்கும். நம் கூந்தல் கறுப்பாக இருந்தாலும் அடர்பழுப்பு நிறத்தை வாங்குங்கள். கறுப்பால் வரைந்தால் அது தனியாகத் தெரியும், அடர்பழுப்பு முடியோடு கலந்துவிடும்.

எங்கே வரைவது என்பதற்கு அளவு எளிது. நீளமான ஒரு சீப்புக் காம்பையோ பென்சிலையோ எடுத்து, மூக்குத் துவாரத்தின் வெளி ஓரத்தில் நிறுத்தி நேராக மேலே பிடியுங்கள். புருவம் தொடங்க வேண்டிய இடம் அது. மூக்கு ஓரத்தை விடாமல், நேராகப் பார்க்கும் கண்ணின் கருவிழி வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. இன்னும் சாய்த்துக் கண்ணின் வெளிமுனை வழியாகப் பிடித்தால் வால் முடிய வேண்டிய இடம். மூன்று இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். வால் முடியும் புள்ளி, தொடங்கும் புள்ளியைவிடக் கீழே இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் முகம் சோர்வாகத் தெரியும்.

இனி கோடு இழுக்காதீர்கள். பென்சிலை நன்றாகச் சீவி, முடி எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம், முடியின் நீளத்துக்கே குட்டிக் குட்டிக் கீற்றாகப் போடுங்கள். தொடக்கத்தில் கீற்று மேல் நோக்கிப் போகும், உச்சிக்குப் பிறகு வெளிப்பக்கமாகச் சாயும், வாலில் சற்றுக் கீழ் நோக்கும். முன்பகுதியில் கை லேசாகப் படட்டும், வாலில் கொஞ்சம் அழுத்தம் இருக்கட்டும். பிறகு சிறிய ஐப்ரோ பிரஷ்ஷால் இரண்டு முறை சீவிவிட்டால் கீற்றுகள் முடியோடு கலந்துவிடும். வியர்வை அதிகம் என்றால் அதே நிறப் பவுடரை, சாய்வாக வெட்டிய பிரஷ்ஷால் மேலே ஒற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் ஆகும், பழகினால் மூன்று நிமிடம். இரவில் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் புருவத்தின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, முடி சாயும் திசையிலேயே துடையுங்கள், தேய்க்க வேண்டாம்.

அந்த மூன்று முதல் எட்டு வாரச் சோதனைக்கு ஒரு வழி உண்டு. கீழ் ஓரத்தில் முளைக்கும் குட்டி முடிகளைப் பிடுங்காமல், உங்கள் தோல் நிறத்துக்குப் பொருந்தும் கன்சீலரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு அவற்றின் மேல் பூசிவிடுங்கள். ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கும் எவருக்கும் தெரியாது, உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியாது. நடு நெற்றியில் இரண்டு புருவமும் சேரும் இடத்தில் மட்டும், தொடக்கப் புள்ளிகளுக்கு உள்ளே, தனியாகத் தெரியும் முடியைப் பிளக்கரால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. மற்றபடி பிளக்கர் அலமாரியிலேயே இருக்கட்டும். நீண்டுவிட்டது என்று தோன்றினால் மேல் நோக்கிச் சீவி, மேல் ஓரத்தைத் தாண்டி நிற்கும் நுனியை மட்டும் சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். வெட்டுவதால் வேருக்கு ஒன்றும் ஆகாது.

தலைக்குப் போடும் டையை மறந்தும் புருவத்தில் தொடாதீர்கள். கறுப்பு டைகளில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரே இரவில் கண் இரண்டும் திறக்க முடியாமல் வீங்கும். இதுவரை தலைக்குப் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது காப்பு ஆகாது, ஒவ்வாமை எத்தனையாவது முறையிலும் தொடங்கலாம்.

மைக்ரோபிளேடிங், முடி நடுதல்

பார்லர் அக்கா சொல்வதை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். மைக்ரோபிளேடிங் என்பது நுண்ணிய ஊசி வரிசையால் தோலைக் கீறி நிறமி ஏற்றுவது, ஒருவகைப் பச்சை குத்தல்தான். உங்கள் இயல்பான புருவம் எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பதே இன்னும் நமக்குத் தெரியாது. இன்று குத்திய கோட்டுக்கு வெளியே ஆறாவது மாதம் சொந்த முடி வந்தால், அதை வாழ்நாள் முழுக்கப் பிடுங்கும்படி ஆகும். ஊசி ஆழமாகப் போனால் வாய் மூடாத மயிர்க்காலும் தழும்பாகும். நிறம் ஓரிரு வருடத்தில் மங்கும்போது சுத்தமாகப் போவதில்லை, செம்பழுப்பாகவோ நீலச் சாம்பலாகவோ நின்றுவிடும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ தோல் தடித்துப் புடைக்கும் வாகு உங்களுக்கு இருந்தால், எப்போதுமே செய்துகொள்ள வேண்டாம்.

ஒரு வருடத்துக்குப் பிறகும் வால் நுனி வழவழப்பாகவே இருந்தால், தைராய்டும் சரியாக இருந்தால், அப்போது முடி நடுவதைப் பற்றி யோசிக்கலாம். பின்தலையிலிருந்து எடுத்து நடும் முடி, புருவத்துக்கு வந்தாலும் தலைமுடியின் குணத்தை விடாது, வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்தில் சில முறை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால்தான் அந்தப் பேச்சு.

மறுபடி பார்லருக்குப் போகும் நாள்

கல்யாணத்தன்று முகூர்த்த மேக்கப் போட வருபவர் "சும்மா ஒரு தடவை சுத்தம் பண்ணிடறேன்" என்று நூலை எடுப்பார். முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்: புருவத்தில் நூலும் பிளேடும் படக் கூடாது, சீவி, வரைந்து, கன்சீலர் போட்டால் போதும் என்று.

ஆறு மாதம் கழித்து வடிவம் திருத்தப் போகலாம், அப்போதும் 15 நாள் கணக்கு வேண்டாம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுப்பவரிடம் போகாதீர்கள். கழுத்தில் கட்டி இழுப்பவரைத் தேடுங்கள், புதிய நூலை உங்கள் கண் முன்னே வெட்டச் சொல்லுங்கள். தட்டையான மருக்களும் சீழ்க்கொப்புளமும் புருவத்தில் வரிசையாக வந்து நிற்பவர்களிடம் விசாரித்தால், சில நாள் முன்பு த்ரெட்டிங் செய்தது தெரியவரும்.

போகும்போது வெள்ளை ஐப்ரோ பென்சில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். படுக்காமல், நேராக உட்கார்ந்து, கையில் கண்ணாடியோடு, உங்கள் புருவத்தைச் சுற்றி நீங்களே கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே இருப்பது மட்டும்தான் அவருடைய வேலை. கோட்டின் மேல் இருக்கும் முடி உங்களுடையது, அதை எடுக்காதீர்கள் என்று நூல் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள்.